வென்ச்சர் கேபிடல் முறை: போஸ்ட்-மணி மதிப்பு, முதலீட்டாளர் பங்கு, ரவுண்டுக்கு ரவுண்டு நீர்த்தல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாபமே இல்லாத என் கம்பெனிக்கு முதலீட்டாளர் எப்படி விலை வைக்கிறார்?

கடைசியிலிருந்து பின்னோக்கி வருகிறார். இன்றைக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர் அதிகம் பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கழித்து இந்த கம்பெனியை யாராவது வாங்கினால், அல்லது அது பங்குச் சந்தைக்குப் போனால், என்ன விலைக்குப் போகும் என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறார். அதுதான் எக்ஸிட் மதிப்பு. தன் பணம் அதற்குள் எத்தனை மடங்காக வேண்டும் என்று முடிவு செய்து, எக்ஸிட் மதிப்பை அந்த மடங்கால் வகுக்கிறார். வருவது இன்றைய போஸ்ட்-மணி மதிப்பு, அதாவது அவர் பணமும் உள்ளே வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு. இந்த முறையை 1980-களில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பாடக்குறிப்பாக எழுதி வகுப்பில் நடத்தியது. முதலீட்டாளர்கள் மத்தியில் அதற்கு முன்பே புழங்கிய கணக்குதான்.

எண்களோடு ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

கோவையில் விவசாய பம்ப்செட்டுக்கான கண்ட்ரோலர் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். நிறுவனர்கள் இருவரிடம் மொத்தம் 10 லட்சம் பங்குகள் இருக்கின்றன. சீட் ரவுண்டில், அதாவது வெளியிலிருந்து திரட்டும் முதல் முதலீட்டில், 8 கோடி ரூபாய் வேண்டும். ஐந்தாம் வருடம் 20 கோடி நிகர லாபம் வரும் என்பது அவர்கள் திட்டம். அந்தத் துறையில் லாபத்தைப் போல 20 மடங்கு விலை கிடைக்கும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. ஆக எக்ஸிட் மதிப்பு 400 கோடி.

முதலீட்டாளர் 10 மடங்கு கேட்கிறார். 400 கோடியை 10-ஆல் வகுத்தால் போஸ்ட்-மணி 40 கோடி. அதில் அவர் போடும் 8 கோடி என்பது 20 சதவீதம். 40-இலிருந்து 8-ஐக் கழித்தால் ப்ரீ-மணி, அதாவது அவர் பணம் வரும் முன் கம்பெனியின் மதிப்பு, 32 கோடி. நிறுவனர்களின் 10 லட்சம் பங்குகள் 80 சதவீதமாக நிற்க வேண்டும் என்றால் புதிதாக 2.5 லட்சம் பங்குகள் வெளியிட வேண்டும். ஒரு பங்கு 320 ரூபாய்.

இதுவரை எளிது. இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

10 மடங்கா? வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் இது கொள்ளை இல்லையா?

ஐந்து வருடத்தில் 10 மடங்கு என்றால் வருடத்துக்குச் சுமார் 58.5 சதவீதம். கேட்கவே மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது வெற்றி பெற்ற கம்பெனியிலிருந்து மட்டும் கேட்கும் விகிதம். ஒருவர் பத்து கம்பெனிகளில் சமமாகப் பணம் போடுகிறார். இரண்டு 10 மடங்கு தருகின்றன, மூன்று போட்ட முதலை மட்டும் திருப்புகின்றன, ஐந்து மூடிப்போகின்றன. பத்து ரூபாய் 23 ரூபாயாகிறது. ஐந்து வருடத்துக்கு அது வருடம் 18 சதவீதம்தான். உங்கள் திட்டத்தில் இருக்கும் 20 கோடி லாபம் எல்லாம் சரியாக நடந்தால் வரும் எண். தோற்கும் வாய்ப்பை அந்த எண்ணில் யாரும் கழிக்கவில்லை. அதனால் அது மடங்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"20 கோடி வேல்யூவேஷனில் 5 கோடி" என்று போனில் சொன்னார். எனக்கு எத்தனை சதவீதம் போகும்?

அவர் எந்த 20 கோடியைச் சொன்னார் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ப்ரீ-மணி 20 என்றால் போஸ்ட்-மணி 25, அவருக்கு 20 சதவீதம். போஸ்ட்-மணியே 20 என்றால் அவருக்கு 25 சதவீதம். ஒரே வாக்கியத்தில் 5 சதவீதப் புள்ளி வித்தியாசம். போனை வைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தடுத்த ரவுண்டு வரும்போது முதலீட்டாளரின் பங்கும் குறையுமே, அதை எப்படிச் சேர்ப்பது?

நான் சொன்ன ஓட்டை இதுதான். 8 கோடியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த கம்பெனி 400 கோடிக்குப் போகாது. நடுவில் சீரிஸ் ஏ, சீரிஸ் பி என்று பணம் திரட்டினால்தான் தொழிற்சாலை, டீலர் வலை, சர்வீஸ் ஆட்கள் எல்லாம் வரும். ஒவ்வொரு ரவுண்டிலும் புதுப் பங்குகள் வெளியாகும், பழையவர்கள் அனைவரின் சதவீதமும் சுருங்கும். இதைத்தான் நீர்த்தல் என்கிறோம்.

ஏ ரவுண்டில் 20 சதவீதமும் பி ரவுண்டில் 20 சதவீதமும் புதியவர்களுக்குப் போகும் என்று வைப்போம். சீட் முதலீட்டாளர் கையில் இருக்கும் ஒவ்வொரு 100-உம் ஏ-க்குப் பிறகு 80 ஆகும், பி-க்குப் பிறகு அந்த 80-இல் ஐந்தில் ஒன்று போய் 64 ஆகும். பலர் இங்கே 20-உம் 20-உம் கூட்டி 40 கழித்து 60 என்று போடுவார்கள். அது தப்பு. நீர்த்தலைக் கழிக்கக் கூடாது, பெருக்க வேண்டும்: 0.80 × 0.80 = 0.64. இதைத் தக்கவைப்பு விகிதம் என்று வைத்துக்கொள்வோம்.

400 கோடியில் அவருக்கு 80 கோடி வர வேண்டும் என்றால் எக்ஸிட் நாளில் 20 சதவீதம் கையில் இருக்க வேண்டும். அன்று 20 நிற்க இன்று எவ்வளவு வாங்க வேண்டும்? 20-ஐ 0.64-ஆல் வகுத்தால் 31.25 சதவீதம். 8 கோடிக்கு 31.25 சதவீதம் என்றால் போஸ்ட்-மணி 25.6 கோடி, ப்ரீ-மணி 17.6 கோடி. புதுப் பங்குகள் 4,54,545. பங்கு விலை 176 ரூபாய்.

அதே கம்பெனி, அதே திட்டம், அதே 10 மடங்கு. ப்ரீ-மணி மட்டும் 32 கோடியிலிருந்து 17.6 கோடிக்கு இறங்கிவிட்டது.

10 மடங்கு கேட்பதிலேயே நீர்த்தலும் அடங்கியிருக்குமே? அதையும் கழித்து இதையும் கழித்தால் என்னிடம் இரண்டு முறை வாங்குவது போல ஆகாதா?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இது. ஆகும், சில சமயம் அப்படித்தான் ஆகிறது.

மடங்கை இரண்டு விதமாகச் சொல்லலாம். "கடைசியில் என் கைக்கு நிஜமாக 10 மடங்கு வர வேண்டும்" என்பது ஒன்று. இப்படிச் சொல்பவர் 0.64-ஆல் வகுப்பது நியாயம். "எனக்கு ஆறு மடங்கு சொச்சம் வந்தால் போதும், நடுவில் நீர்த்துப்போகும் என்பதால் 10 என்று வைத்துக்கொள்கிறேன்" என்பது இன்னொன்று. இவர் 10-ஐ வைத்துக்கொண்டு மறுபடி 0.64-ஆலும் வகுத்தால் ஒரே நீர்த்தலுக்கு இரண்டு முறை கட்டணம் வாங்குகிறார்.

சரிபார்க்க வழி இருக்கிறது. முதல் கணக்கின்படி இன்று 20 சதவீதம் வாங்கினால், இரண்டு ரவுண்டு நீர்த்து அவரிடம் 12.8 சதவீதம் மிஞ்சும். 400 கோடியில் அது 51.2 கோடி. போட்டது 8 கோடி, ஆக 6.4 மடங்கு, வருடத்துக்குச் சுமார் 45 சதவீதம். நேரே கேளுங்கள்: "எல்லா நீர்த்தலும் போக 6.4 மடங்கு கையில் வந்தால் உங்களுக்கு ஒத்துவருமா?" ஒத்துவரும் என்றால் உங்கள் ப்ரீ-மணி 32 கோடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒத்துவராது என்றால் 17.6 கோடிக்கு அவரிடம் காரணம் இருக்கிறது. பேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ முடியும். எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

எதிர்ப் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், நிறுவனர்கள் செய்வது இது. எக்ஸிட் மதிப்பைப் போடும்போது ஏ, பி ரவுண்டு பணத்தில் வளர்ந்த 400 கோடியை எடுத்துக்கொள்வார்கள். பங்கு சதவீதம் போடும்போது அந்த ரவுண்டுகளே நடக்காதது போல 20 என்று எழுதுவார்கள். பின்னால் வரும் பணத்தின் பலன் கணக்கில் இருந்தால் அதன் விலையும் இருக்க வேண்டும்.

ரவுண்டு ரவுண்டாக என் பங்கு என்ன ஆகும் என்று வரிசையாகப் பார்க்க முடியுமா?

நீர்த்தலை முழுதாகக் கழித்த 176 ரூபாய் கணக்கையே கடைசி வரை ஓட்டுவோம். ஏ முதலீட்டாளர் 4 மடங்குக்கும் பி முதலீட்டாளர் 2.5 மடங்குக்கும் சம்மதிக்கிறார்கள் என்று வையுங்கள். பின்னால் வருபவருக்கு ஆபத்தும் குறைவு, காத்திருக்கும் காலமும் குறைவு.

| | சீட் | சீரிஸ் ஏ | சீரிஸ் பி | எக்ஸிட் |
|---|---|---|---|---|
| வரும் பணம் (கோடி) | 8 | 16 | 32 | – |
| போஸ்ட்-மணி (கோடி) | 25.6 | 80 | 160 | 400 |
| பங்கு விலை (ரூ.) | 176 | 440 | 704 | 1,760 |
| நிறுவனர்கள் % | 68.75 | 55 | 44 | 44 |
| சீட் % | 31.25 | 25 | 20 | 20 |
| ஏ % | – | 20 | 16 | 16 |
| பி % | – | – | 20 | 20 |

நிறுவனர்களின் சதவீதம் 100-இலிருந்து 44-க்கு வந்திருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை, அதே 10 லட்சம்தான். 44 சதவீதத்தின் மதிப்பு எக்ஸிட்டில் 176 கோடி. நீர்த்தல் தன்னளவில் நஷ்டம் இல்லை. 704 ரூபாய்க்குப் புதுப் பங்கு வெளியிடும்போது 176-க்கு வாங்கியவருக்குச் சதவீதம் குறைந்தாலும் மதிப்பு கூடியிருக்கிறது. முந்தைய விலைக்குக் கீழே வெளியிட்டால்தான் வலி.

முதலீட்டு நிபந்தனைகளைச் சொல்லும் டேர்ம் ஷீட்டில் "10% ஈசாப் பூல், ப்ரீ-மணியில்" என்று ஒரு வரி இருக்கிறது. பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். ஊழியர்களுக்கு ஒதுக்கும் 10 சதவீதத்தை யார் பங்கிலிருந்து எடுப்பது என்பதை அந்த ஒரு வரி முடிவு செய்கிறது.

போஸ்ட்-மணி 25.6 கோடியில் முதலீட்டாளருக்கு 31.25 அப்படியே நிற்கும். பூலுக்கு 10. மிச்சம் 58.75 உங்களுக்கு. முழு 10-உம் உங்களிடமிருந்து போயிற்று. ரூபாயில் சொன்னால் 2.56 கோடி. தலைப்பில் ப்ரீ-மணி 17.6 என்று இருந்தாலும் உங்கள் பழைய 10 லட்சம் பங்குகளுக்கு வைத்த விலை 15.04 கோடிதான், பங்குக்கு 150.40 ரூபாய்.

யாருக்கு எத்தனை பங்கு என்று காட்டும் கேப் டேபிளை நான் போட்டுக்கொடுத்த ஒரு நிறுவனர், வேல்யூவேஷனுக்காக மூன்று வாரம் மல்லுக்கட்டி ஒன்றரைக் கோடி ஏற்றிவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். அதே டேர்ம் ஷீட்டின் நான்காம் பக்கத்தில் பூல் 8-இலிருந்து 15 ஆகியிருந்தது. ஏற்றியதைவிட அதிகம் அங்கே இறங்கிவிட்டது. ஸ்வீட்டைத் தின்றபடியே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே பேச வேண்டியது சதவீதத்தை அல்ல, ஆட்களை. அடுத்த ரவுண்டு வரை, அதாவது பதினெட்டு மாதமோ இரண்டு வருடமோ, யார் யாரை எடுக்கப் போகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு என்று பட்டியல் போடுங்கள். 6 சதவீதம் போதும் என்று வந்தால் அந்தப் பட்டியலை மேஜையில் வையுங்கள்.

சீட் முதலீட்டாளர் ப்ரோ-ரேட்டா உரிமை கேட்கிறார். கொடுத்தால் நான் கூடுதலாக நீர்த்துப்போவேனா?

இல்லை. ப்ரோ-ரேட்டா என்றால் அடுத்த ரவுண்டிலும் பணம் போட்டுத் தன் சதவீதத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை. ஏ ரவுண்டில் வெளியாகும் பங்கின் மொத்தம் 20 சதவீதம்தான். சீட் முதலீட்டாளர் தன் 31.25-ஐக் காப்பாற்றிக்கொள்ள 16 கோடியில் 5 கோடியை அவரே போடுவார். உங்களுக்கு 55 என்பது மாறாது. குறைவது புது ஏ முதலீட்டாளருக்கு, அவருக்கு 13.75 சதவீதம்தான் மிஞ்சும். சிக்கலும் அங்கேதான். குறைந்தது 20 சதவீதம் இல்லாமல் வர மாட்டேன் என்று அவர் சொன்னால் ரவுண்டையே பெரிதாக்க வேண்டிவரும். அப்போது நீங்களும் நீர்ப்பீர்கள்.

அடுத்த ரவுண்டு குறைந்த விலைக்கு வந்தால்?

வென்ச்சர் கேபிடல் முறை இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதில் எல்லா ரவுண்டும் ஏறுமுகம். நிஜத்தில் விலை இறங்கினால் தொடக்க முதலீட்டாளரின் பாதுகாப்பு ஷரத்து வேலை செய்ய ஆரம்பிக்கும். நம் ஊரில் அவர்கள் பெரும்பாலும் கட்டாயமாக மாறும் முன்னுரிமைப் பங்குகளைத்தான், அதாவது சிசிபிஎஸ்-ஐத்தான், வாங்குவார்கள். அது சாதாரணப் பங்காக எந்த விலையில் மாறும் என்பதை இந்த ஷரத்து திருத்தும்.

நம் கம்பெனிக்கு ஏ ரவுண்டு 440-க்குப் பதில் 88 ரூபாய்க்கு வருகிறது, 8 கோடி திரட்டுகிறார்கள் என்று வையுங்கள். புதுப் பங்குகள் 9,09,090. பாதுகாப்பே இல்லையென்றால் நிறுவனர்களிடம் 42.3 சதவீதம் இருக்கும். பழைய விலையையும் புது விலையையும் பங்கு எண்ணிக்கைப்படி சராசரியாக்கும், பரவலாகப் புழங்கும் எடையிட்ட சராசரி முறையில் 176 என்பது சுமார் 142 ரூபாயாகத் திருத்தப்படும், சீட் பங்குகள் 4.55 லட்சத்திலிருந்து 5.63 லட்சமாகும், நிறுவனர்களுக்கு 40.5. முழு ராட்செட் என்று எழுதியிருந்தால் சீட் விலையும் நேரே 88-க்கு இறங்கிவிடும், அவர் பங்குகள் இரட்டிப்பாகும், உங்களுக்கு 35.5. புது முதலீட்டாளர் தன் பங்கு எண்ணிக்கையோடு சும்மா இருப்பார் என்று வைத்த கணக்கு இது. இருக்க மாட்டார். திருத்தத்துக்குப் பிறகும் தன் சதவீதம் நிற்க வேண்டும் என்பார், உங்கள் எண் இன்னும் இறங்கும். முழு ராட்செட்டுக்கு மட்டும் கையெழுத்து போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

என் 44 சதவீதம் என்றால் எக்ஸிட் பணத்திலும் 44 சதவீதம் வரும்தானே?

400 கோடிக்குப் போனால் வரும். 60 கோடிக்கு விற்க நேர்ந்தால் வராது. முன்னுரிமைப் பங்குக்காரர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது சாதாரணப் பங்காக மாறிச் சதவீதப்படி வாங்கலாம். எது லாபமோ அது. மூன்று ரவுண்டிலும் வந்தது 56 கோடி. 60 கோடிக்கு விற்றால் மூவரும் முதலைத்தான் எடுப்பார்கள், நிறுவனர்களுக்கு மிஞ்சுவது 4 கோடி. 44 சதவீதத்தின்படி பார்த்தால் 26.4 கோடி வந்திருக்க வேண்டும்.

பி ரவுண்டு முடிந்ததும் "160 கோடி கம்பெனி" என்று பத்திரிகையில் வரும் எண்ணையும் இதை வைத்துத்தான் படிக்க வேண்டும். கடைசியாக வந்தவர், முன்னுரிமை சேர்ந்த பங்குக்குக் கொடுத்த விலையை எல்லாப் பங்குகளின் எண்ணிக்கையோடும் பெருக்கி வந்த எண் அது. உங்கள் சாதாரணப் பங்குக்கு யாரும் அந்த விலை கொடுக்கவில்லை.

இந்தக் கணக்கில் எந்த எண் பொய்த்தால் மொத்தமும் கவிழும்?

எக்ஸிட் மதிப்பும் வருடமும். லாபத்துக்கு 20 மடங்குக்குப் பதில் 15 மடங்குதான் கிடைக்கும் என்றால் எக்ஸிட் 300 கோடி, போஸ்ட்-மணி 19.2 கோடி, 8 கோடிக்கு 41.67 சதவீதம் போகும். ஒரே ஒரு அனுமானம் மாறியதில் பத்து சதவீதப் புள்ளிக்கு மேல்.

வருடம் இன்னும் மோசம். 58.5 சதவீத விகிதத்தை அப்படியே வைத்து ஐந்தை ஏழாக்கினால் 10 மடங்கு என்பது 25 மடங்காகிறது. முதலீட்டாளருக்கு 78 சதவீதம் வேண்டும் என்று கணக்கு சொல்லும். அப்படி யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அதனால்தான் களத்தில் வருட விகிதத்தைவிட மடங்கைத்தான் அதிகம் பேசுகிறார்கள். ஐந்து வருடம் என்பதே நம்பிக்கை கலந்த எண். சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானது 2021 செப்டம்பரில்.

இதையே வேல்யூவேஷன் ரிப்போர்ட்டாக ஆடிட்டரிடம் கொடுத்துவிடலாமா?

கூடாது. இது பேரக் கணக்கு. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதுப் பங்கு கொடுக்கும் முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு நிறுவனங்கள் சட்டத்தின் 62(1)(c) பிரிவு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேட்கிறது. வெளிநாட்டுப் பணம் என்றால் நியாய மதிப்புக்குக் குறைந்த விலையில் பங்கு கொடுக்கக் கூடாது என்று ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதியும் உண்டு. நியாய மதிப்புக்கு மேல் பங்கு விற்று வாங்கிய பணத்துக்கு விதித்த ஏஞ்சல் வரி 2024 பட்ஜெட்டோடு போய்விட்டது, ஆனால் அறிக்கையின் தேவை போகவில்லை.

எக்செல்லில் இதை எப்படிப் போடுவது?

B1-இல் எக்ஸிட் மதிப்பு (கோடியில்), B2-இல் மடங்கு, B3, B4-இல் ஏ, பி ரவுண்டுகளின் சதவீதம் 20% என்று குறியோடு, B5-இல் முதலீடு (கோடியில்), B6-இல் இப்போதைய பங்குகள். பிறகு:

```
B7:  =(1-B3)*(1-B4)
B8:  =B1/B2*B7
B9:  =B5/B8
B10: =B6*B9/(1-B9)
B11: =B5*10000000/B10
```

B7 தக்கவைப்பு விகிதம், B8 போஸ்ட்-மணி, B9 முதலீட்டாளர் பங்கு, B10 புதுப் பங்குகள், B11 பங்கு விலை. நம் எண்களைப் போட்டால் கடைசியில் 176 வர வேண்டும். 320 வந்தால் B3, B4 காலியாக இருக்கின்றன என்று அர்த்தம். B10-இல் பலர் `=B6*B9` என்று மட்டும் எழுதிவிடுவார்கள். அப்படிப் போட்டால் 3,12,500 பங்குகள் வரும், முதலீட்டாளருக்கு 31.25-க்குப் பதில் 23.8 சதவீதம்தான் கிடைக்கும். கையெழுத்துக்கு முந்தைய இரவு அவருடைய வக்கீல் அதைக் கண்டுபிடிப்பார்.